மணி எங்கே என்று கேட்கும் 5 வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

"எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். 11 வருடம் வளர்த்த நாய் மணிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், காப்பாற்ற வழியில்லை என்றதும் டாக்டர் ஊசி போட்டு முடித்துவைத்தார். தோப்பு ஓரத்தில் புதைத்தோம். அப்போது மகன் என் அம்மா வீட்டில் இருந்தான். அவனுக்கு 5 வயது ஆகப்போகிறது. திரும்பி வந்ததும் அவன் அப்பா, 'மணியைப் பொள்ளாச்சி மாமா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்லிவிட்டார். மாமியாரோ 'மணி தூங்குது, சாமியிடம் போயாச்சு' என்கிறார். பிள்ளை தினமும் 'எப்போது கூட்டி வருவோம்?' என்று கேட்கிறான். இனிமேல் உண்மையைச் சொல்லலாமா? எப்படிச் சொல்வது? புதுக் குட்டி வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுவானா?"

சொல்லலாம். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னவர் உங்கள் கணவர் என்பதால், அது உண்மையில்லை என்பதையும் அவரே சொல்வது நல்லது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் சொல்லப்பட்ட மூன்று பதில்களில், பெரியவர்களுக்கு மிகவும் சாதுவாகத் தெரிவது தோட்டத்துக் கதைதான். பிள்ளையின் இடத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். தான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் இருந்த மணியை, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தான் ஊரில் இல்லாத நேரத்தில் அப்பா வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவன் காதில் விழுந்த செய்தி இதுதான். ஏன் கொடுத்தார்? செருப்பைக் கடித்ததற்காகவா, இரவில் குரைத்ததற்காகவா? அப்படியானால் சொன்ன பேச்சைக் கேட்காத என்னையும் ஒருநாள் அனுப்பிவிடுவார்களா? இந்த வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. நடத்தையில்தான் தெரியும். திடீரென்று அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாகிவிடுவான். அல்லது பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்றாலே அழுவான், ஏனென்றால் போன தடவை அங்கே போய்விட்டு வருவதற்குள்தான் மணி காணாமல் போனது. போதாததற்கு, பொள்ளாச்சி உங்களுக்கு எட்டாத ஊரும் அல்ல. அடுத்த விசேஷத்துக்கு மாமா வீட்டுக்குப் போனால், இறங்கியவுடன் அவன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தேடுவான். அங்கே இருக்கும் பிள்ளைகள் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்கள். உங்களிடமிருந்து கேட்க வேண்டியதை வேறொருவர் வாயிலிருந்து கேட்பான்.

சாவைப் பற்றி அந்த வயதில் என்ன புரியும் என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் சாவு என்றால் என்ன என்று கேட்டு, 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். 5 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ நினைத்தார்கள். போனவர் வருவார், தூங்கியவர் எழுவார். கவனித்தீர்களா? உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொன்னவையும் இவைதான். குழந்தையின் மனம் தானாகவே விழும் குழியை நாமே தோண்டிக் கொடுக்கிறோம். பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், செத்தது திரும்பி வராது, செத்த உடம்பு எதையும் செய்யாது, எல்லா உயிரும் ஒருநாள் சாகும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் பிடிபடுகின்றன என்கிறார்கள். உங்கள் மகன் அந்த வாசலில் நிற்கிறான். இப்போது நேராகச் சொன்னால் பாதியாவது புரிந்துகொள்வான். மீதியை வரும் ஓரிரு வருடங்களில் அவனே கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்வான்.

பாலக்காட்டுப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுவதே என் வேலை. வண்டித்தாவளம் பக்கம் ஒரு வீட்டில், செத்துப்போன நாயை 'ஓடிப்போய்விட்டது' என்று 6 வயதுச் சிறுமியிடம் சொல்லியிருந்தார்கள். அவள் தினமும் இரவில் தன் தட்டிலிருந்து ஒரு பிடி மோர்ச்சோற்றை எடுத்துப் பழைய அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். காக்கையோ பூனையோ தின்றிருக்கும். அவளுக்கோ, நாய் வந்து தின்றுவிட்டுத் தன்னைப் பார்க்காமல் போய்விட்டதாகத்தான் தோன்றியது. வீட்டில் உண்மையைச் சொன்ன அன்று அவள் முதலில் அழவில்லை. "அப்படியானால் என் சோற்றைத் தின்றது யார்?" என்று கேட்டாள். அம்மா பூனையாக இருக்கும் என்றதும்தான் அழுதாள். அந்த அழுகையை நிறுத்தப் பார்க்காமல் அம்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு கேட்டைச் சாத்தியது அவள்தான்.

உங்கள் வீட்டில் முதல் வேலை மாமியாரிடம் பேசுவது. சின்னப் பிள்ளையிடம் சாவுப் பேச்சு கூடாது என்பது அவருடைய அன்பிலிருந்து வருகிறது. அதை அறியாமை என்று ஒதுக்கினால் அவர் உங்களுக்குப் பின்னால் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள்: "தூங்குகிறது என்று சொன்னால் ராத்திரி தூங்கப் பயப்படுவான், அத்தை." எந்தப் பாட்டிக்கும் இது உடனே விளங்கும். மணி சாமியிடம் போயிருக்கிறது என்ற அவருடைய நம்பிக்கையைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். முதலில் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பது. பிறகு, "செத்த பிறகு மணி சாமியிடம் இருக்கும் என்று பாட்டி நம்புகிறார்" என்பது. சாமியை மட்டும் சொன்னால், பிள்ளை கோயிலில் போய் மணியைத் தேடுவான், அல்லது மணியைப் பிடித்துக்கொண்ட சாமி மீது கோபப்படுவான். இரண்டையுமே நான் பார்த்திருக்கிறேன்.

நேரம் முக்கியம். படுக்கப் போகும் முன் வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும்போதும் வேண்டாம். விடுமுறை நாளில், காலைச் சாப்பாடு முடிந்த பிறகு, நாள் முழுக்க நீங்கள் இருவரும் வீட்டில் இருப்பீர்கள் என்ற நிலையில் சொல்லுங்கள். டி.வி. அணைந்திருக்கட்டும். மணி வழக்கமாகப் படுக்கும் திண்ணையிலேயே உட்காரலாம். கணவர் பேச வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். எழுத்தில் இருப்பதை உங்கள் வீட்டுப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அப்பா உன்னிடம் ஒரு வருத்தமான விஷயம் சொல்லப் போகிறேன். மணியை மாமா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா, அது உண்மையில்லை. நீ அழுவாய் என்று பயந்து அப்படிச் சொல்லிவிட்டேன். மணி செத்துவிட்டது. அதன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி மணியால் ஓட முடியாது, சாப்பிட முடியாது, மூச்சு விட முடியாது. அதற்கு வலியும் இல்லை, பசியும் இல்லை. அது திரும்பி வராது."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுமாறுகிறார்கள். மௌனம் தாங்காமல், "ஆனால் பரவாயில்லை, நாம் இன்னொன்று வாங்கலாம், ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாமா" என்று ஓடிவிடுவார்கள். பிள்ளை என்ன செய்கிறான் என்று பாருங்கள். அழலாம். அப்பாவை அடிக்கலாம், பொய் சொன்னதற்கு அந்தக் கோபம் நியாயமானதே, "கோபம் வரும்தான்" என்று மட்டும் சொன்னால் போதும். ஒன்றுமே கேட்காததுபோல் எழுந்து விளையாடப் போகலாம். அதைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் பாதிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சிறு பிள்ளைகள் துக்கத்தைத் தொடர்ந்து சுமப்பதில்லை. ஆடி மாதத்துச் சாரல் மாதிரி சட்டென்று வந்து நனைத்துவிட்டு, வெயிலும் அடித்துவிட்டு, மறுபடி வரும்.

செத்துவிட்டது என்ற சொல் கடுமையாகப் பட்டால் இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். ஏதாவது ஒன்றை வீட்டில் எல்லோரும் சொல்லட்டும். போய்விட்டது, தவறிவிட்டது, நம்மை விட்டுப் பிரிந்துவிட்டது என்பவை பெரியவர்களுக்குள் சரி. பிள்ளைக்குப் போனது என்றால் வர வேண்டியதுதான்.

அடுத்து ஏன் என்று கேட்பான். "நோய் வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளை அவனுக்குச் சளி பிடித்தால் தானும் சாகப் போவதாக நினைப்பான். அவன் கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். மணி சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனது, ஓயாமல் தண்ணீர் குடித்தது, வாந்தி எடுத்தது, வாயில் ஒரு கெட்ட வாடை வந்தது எல்லாம் அவனுக்கு நினைவிருக்கும். "ரத்தத்தைச் சுத்தம் செய்ய உடம்புக்குள் சிறுநீரகம் என்று ஒன்று இருக்கிறது. மணிக்கு வயதாகி அது கெட்டுப்போய்விட்டது. டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்தார், சரியாகவில்லை. உனக்கு வரும் காய்ச்சல், சளி எல்லாம் வேறு, அவை சரியாகிவிடும்."

ஊசி போட்டதைச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மனதை அறுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். என் கருத்து, சொல்லுங்கள். பெரியவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருப்பீர்கள், இன்னும் பேசுவீர்கள். இந்த வயதுப் பிள்ளை அடுத்த அறையில் விளையாடிக்கொண்டே முழுவதையும் கேட்கும். அரைகுறையாகக் காதில் விழுந்தால், டாக்டர் ஊசி போட்டார், மணி செத்துவிட்டது என்ற இரண்டு துண்டுகளை அவனே ஒட்டிக்கொள்வான். அவனுக்கு 5 வயது முடிந்ததும் தடுப்பூசி அட்டவணைப்படி டிபிடி இரண்டாவது பூஸ்டர் ஊசி வரும். அந்தத் துண்டுகளோடு அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் வரிசை மாறக் கூடாது. நோய் முதலில், சரிசெய்ய முடியாமல் போனது அடுத்து, மருந்து கடைசியில். அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அன்று மாலையோ மறுநாளோ அவன் டாக்டரைப் பற்றிக் கேட்கும்போது சொல்லலாம். அவன் கேட்காவிட்டாலும் அந்தப் பூஸ்டர் ஊசிக்கு முன்பாகச் சொல்லிவிடுங்கள். "மணி எப்படியும் சாகும் நிலையில் இருந்தது, அதற்கு ரொம்ப வலியும் இருந்தது. அதனால் டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். அந்த மருந்து முதலில் வலி தெரியாமல் செய்தது, பிறகு மணியின் மூச்சு நின்றது. பிழைக்க வழியே இல்லாத விலங்குகளுக்கு மட்டும்தான் இப்படிச் செய்வார்கள். மனிதர்களுக்குச் செய்ய மாட்டார்கள். உனக்குப் போடும் ஊசி நோய் வராமல் காப்பாற்றும் ஊசி." இதில் பொய் எதுவும் இல்லை. பொதுவாக அது அளவு கூட்டிய மயக்க மருந்துதான். நினைவு முதலில் போகும், மூச்சும் இதயமும் அதன் பின்னரே நிற்கும். தூங்க வைத்தோம் என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். தினமும் இரவில் அவனை நீங்கள் தூங்க வைக்கிறீர்கள்.

பிறகு தோப்புக்கு அழைத்துப் போய்ப் புதைத்த இடத்தைக் காட்டுங்கள். மணி எங்கே என்ற அவன் கேள்விக்கு நீங்கள் கையால் காட்டக்கூடிய ஒரே பதில் அந்த மண்தான். அங்கே வரும் கேள்விகள் உங்களைத் திடுக்கிட வைக்கும். திட்டாமல் பதில் சொல்லுங்கள். மழை பெய்தால் மணி நனையுமா? உள்ளே மூச்சு முட்டாதா? இருட்டாக இருக்காதா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், சலிக்காமல் சொல்ல வேண்டும்: செத்த உடம்புக்குக் குளிரோ பயமோ தெரியாது. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்பது மிகவும் சாதாரணம். "வேண்டாம். மணியின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணோடு மண்ணாகும், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவன் பூ வைக்க விரும்பலாம், பிஸ்கட் வைக்க விரும்பலாம். வைக்கட்டும். மணியால் தின்ன முடியாது, உன் ஆசைக்காக வைக்கிறாய் என்பதை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அடக்கத்தின்போது அவன் இல்லாமல் போன குறை இதிலேயே ஓரளவு தீரும்.

இதையெல்லாம்விடப் பிள்ளைகளை உள்ளுக்குள் தின்பது வேறு ஒன்று. தான் நினைத்ததும் சொன்னதும் உலகத்தில் நடந்துவிடும் என்று நம்பும் வயது இது. ஒருநாள் வாலைப் பிடித்து இழுத்திருப்பான், 'போ, நீ எனக்கு வேண்டாம்' என்று கத்தியிருப்பான், யாருக்கும் தெரியாமல் மிட்டாய் கொடுத்திருப்பான். அதனால்தான் மணி செத்தது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்வான். 'உன்னால் இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் அது அவனுடைய ரகசியத்தைத் தொடாது. சில நாள் கழித்து, வேறு வேலையாக இருக்கும்போது, "மணி ஏன் செத்தது என்று நீ நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். வரும் பதிலுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். மிட்டாய்தான் காரணம் என்றால், நீ கொடுத்த மிட்டாயால் மணியின் சிறுநீரகம் கெடவில்லை, அது வயதானதால் கெட்டது என்று மிட்டாயைப் பெயர் சொல்லியே விடுவியுங்கள்.

"நீயும் செத்துப்போவாயா, அம்மா?" என்ற கேள்வியும் வரும், பெரும்பாலும் இரவில். "மாட்டேன்" என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். "எல்லோரும் ஒருநாள் சாவார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் ரொம்ப ரொம்ப வயதான பிறகுதான். நீ வளர்ந்து பெரியவனாகும்வரை நான் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எப்போதும் உன்னைப் பார்த்துக்கொள்ள அப்பா, பாட்டி, மாமா எல்லோரும் இருக்கிறார்கள்." அவன் உண்மையில் கேட்பது கடைசி வரிக்கான பதிலைத்தான். அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த சில வாரங்களில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். நீங்கள் சொன்னது புரியாததால் அல்ல, பதில் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக. மாறாமல் சொல்லுங்கள். பொம்மை நாயைப் புதைத்து விளையாடினால் விளையாடட்டும். ஓரிரு இரவு படுக்கையை நனைப்பது, வயிற்றுவலி என்பது, உங்கள் முந்தானையை விடாமல் சுற்றுவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவையே. ஒரு மாதத்துக்கு மேலாகியும் குறையாமல் கூடிக்கொண்டே போனால், சாப்பாடும் தூக்கமும் பள்ளியும் கெட்டால் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். நானும் செத்து மணியிடம் போக வேண்டும் என்று சொன்னால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே பாருங்கள். இந்த வயதில் அதற்கு மணியைப் பார்க்க வேண்டும் என்பதே பொருளாக இருப்பதுதான் வழக்கம். ஆனாலும் யாராவது நேரில் பேசிப் பார்ப்பது நல்லது. டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 14416-இல் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

புதுக் குட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இந்த நேரத்தில் குட்டி வந்தால், போனதற்கு வேறொன்று கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றுதான் அவன் புரிந்துகொள்வான். அந்தக் குட்டிமீதே வெறுப்பு காட்டும் பிள்ளைகளும் உண்டு. மணியின் சங்கிலியையும் கிண்ணத்தையும் அவசரமாக எடுத்து மறைக்காதீர்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் கேட்டு, ஒன்றை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். சில மாதம் கழித்து, மணி வருமா என்று கேட்பதை விட்டுவிட்டு, மணி எப்படியெல்லாம் செய்யும் என்று அவனாகவே பேசிச் சிரிக்கத் தொடங்கியிருந்தால், அப்போது குட்டியைப் பற்றிப் பேசலாம். அதற்கு மணி என்று பெயர் வைக்காதீர்கள். வேறு பெயரை அவனே வைக்கட்டும்.